பின்னங்கால் முதலில்

நாய் நடக்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முன்னங்காலை என்றுதான் சொல்வார்கள். தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் தைரியமாகச் சொல்வார்கள், பெயரிலேயே 'முன்' இருக்கிறதே. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்தத் தப்பை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். பிறகு நடந்ததை அவள் தனியாகச் செய்தாள்.

அறுபதுகளில் செம்பூரில், ஒரு பெயின்ட் கிடங்கின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் ஓடும் விளம்பரங்களுக்கு அங்கே கார்ட்டூன் செய்தார்கள். பற்பொடி, தேயிலை, தலைவலி மாத்திரை எல்லாம் எங்கள் மாடியில் கை கால் முளைத்து ஆடும். உள் அறையில் ஆண்கள் பென்சிலால் படம் வரைவார்கள். வெளி ஹாலில் பெண்களாகிய நாங்கள் அந்தக் கோடுகளை 'செல்' என்கிற கண்ணாடி மாதிரியான தாளில் மையால் எடுத்து, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவோம். வேறு யாரோ போட்ட கோட்டுக்குள் சிந்தாமல் நிரப்புவதுதான் வேலை. ஓவியம் படித்துவிட்டு வந்த எனக்கு அது கோலப்பொடி விற்பது மாதிரி இருந்தது. கோலம் போடுவது உள் அறை.

நான் மாட்டுங்கா. அவள் தாராவி. என் வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளை எல்லோரும் ஆபீஸ், ஃபைல், பென்ஷன். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. சாயங்காலம் செம்பூரில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் அவள் இறங்குவாள், அடுத்த ஸ்டேஷனில் நான். என் டப்பாவிலிருந்து அவள் எலுமிச்சை சாதம் சாப்பிடுவாள். அவள் டப்பாவிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட முடியாது, அதையும் அவள் கிண்டல்தான் செய்வாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அவளை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் அப்பா கெடு வைத்திருந்தார். உள் அறையில் மேஜை கிடைத்தால் வேலையில் தொடரலாம், இல்லையென்றால் பாங்க் பரீட்சை எழுத வேண்டும். "வர்ணம் அடிக்கறதுக்கா படிச்சே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், அதனால்தான் அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் கான்வாஸ் ஷூ விளம்பரம் வந்தது. ஒரு நாய், நான்கு காலிலும் வெள்ளை ஷூ, தெருவில் ஜம்மென்று நடந்து வர வேண்டும். எங்கள் டைரக்டர் ஒரு நல்ல மனிதர், அதாவது சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லத் தெரிந்தவர். உள் அறையில் இருந்தவர்களுக்கு இரண்டு கால் மனுஷனை நடக்கவைக்கத் தெரியும். நான்கு காலை ஒருவரும் தொடவில்லை. நாங்கள் இருவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரு நாய்களை வரைந்து தள்ளுவதை அவர் பார்த்திருந்தார். கூப்பிட்டு, நாயை நடக்கவைத்தால் உள்ளே ஒரு மேஜை உண்டு என்றார். கூடவே, "லேகின் குர்சி ஏக் ஹி ஹை" என்று சிரித்தார். நாற்காலி ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"ஒரு நாற்காலியில ரெண்டு பேரு ஒக்காந்தா ஒடஞ்சா போவும்? ஏட்டி, போனா ரெண்டு பேரும் போவோம். இல்லன்னா ரெண்டு பேருக்கும் வேண்டாம்."

"சத்தியமா?"

"வேதத்து மேல." அவள் வீட்டில் வேதம் என்றால் பைபிள்.

வேலையைப் பங்கு போட்டோம். பின்னங்கால்களும் இடுப்பும் அவளுக்கு. முன்னங்கால்கள், தோள், தலை எனக்கு. நடுவில் இருக்கிற முதுகுக் கோட்டை அவள் பாதியும் நான் பாதியும் போட்டு இணைப்பது. கால்கள் தனித் தாளில், உடம்பும் தலையும் வேறு தாளில். விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் தாளை மேல் தாளாக அடுக்கி வரைந்தால் அடியில் இருப்பது தெரியும். முதலில் முக்கியமான படங்களை, அதாவது ஒவ்வொரு பாதமும் தரையைத் தொடுகிற கணங்களை வரைய வேண்டும். அவைதான் சாவி மாதிரி. இடையில் வரும் படங்களை அப்புறம் நிரப்பலாம்.

முன்னங்கால் முதலில், பின்னங்கால் பிறகு. இடது முன், இடது பின், வலது முன், வலது பின். எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பென்சில் டெஸ்ட் என்பார்கள், பென்சில் படங்களையே ஃபிலிமில் எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டிப் பார்த்தோம். சுவரில் நடந்து வந்தது நாயே இல்லை. நாய்த் தோலைப் போர்த்திக்கொண்ட ஒரு குரங்கு, மரத்திலிருந்து இறங்கித் தரையில் போகிற மாதிரி போயிற்று. உள் அறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னடி இது, குரங்காட்டம் நடக்கறது?" என்றேன்.

"எல்லாக் காலும் ஒழுங்காத்தான் வந்துச்சு. எங்ஙன தப்புன்னுதான் தெரியல."

தப்பு எங்கே என்பது குர்லா பிளாட்பாரத்தில் தெரிந்தது. கூட்டத்தில் என்னைத் தவறவிடாமல் இருக்க அவள் எப்போதும் பின்னால் நின்று என் இரண்டு தோள்களிலும் கை வைத்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு அவள் இடது பாதம் என் இடது குதிகாலில் இடித்து என் செருப்பு கழன்றுவிட்டது. குனிந்து எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, இப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாய்லா. நீ முன்னங்காலு, நான் பின்னங்காலு."

"அதுக்கென்ன?"

"என் காலு வருது, ஒன் காலு அங்ஙனயே நிக்கி. அதான் இடிக்கி. நான் வைக்கப்போற நேரத்துக்கு நீ எடுத்துரணும். அப்ப மொதல்ல யாரு வைக்கா? நானு."

கூட்டம் குறைந்த பிளாட்பாரக் கோடியில் நடந்து பார்த்தோம். அவள் இடது காலை வைத்தாள். அது வந்து விழுகிற நேரத்துக்கு என் இடது கால் எழுந்து இடம் விட்டது, பிறகு முன்னே போய் ஊன்றியது. அப்புறம் அவள் வலது, அப்புறம் என் வலது. பின்னங்கால் வந்து முன்னங்காலைக் கிளப்பிவிடுகிறது. இதுதான் நாயின் நடை, நான்கு அடி, நான்கும் தனித்தனியாகச் சமமான இடைவெளியில். அவள் வரிசையைப் பாட்டாக்கினாள். தன் அடிக்கு 'நான்', என் அடிக்கு 'நீ'. நான், நீ, நான், நீ என்று சொல்லிக்கொண்டே கோடிவரை போய்த் திரும்பி வந்தோம். டீ விற்கிறவன் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் தலையில் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினான். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ஊரில் அதற்கு முன் இருந்ததில்லை, அதற்குப் பின்னும் அதிகம் இல்லை.

விளையாட்டாக வேறு நடைகளையும் நடந்து பார்த்தோம். அவள் இடது காலும் என் இடது காலும் ஒரே நேரத்தில் விழுந்தால் இருவரும் பக்கவாட்டில் ஆடினோம், அது ஒட்டக நடை. அவள் இடதும் என் வலதும் சேர்ந்து விழுந்தால் அது நாய் துள்ளி ஓடப் புறப்படுகிற நடை. இரண்டிலும் நான்கு அடி இரண்டாகிவிடும். எல்லா வித்தியாசமும் அவள் அடிக்கும் என் அடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான்.

படத்தில் அதைக் கணக்காக்கினோம். ஒரு முழு நடைக்குப் பன்னிரண்டு படங்கள், கேமராவில் ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம், ஆக ஒரு விநாடி. முதல் படத்தில் அவளுடைய இடது பின்னங்கால் தரையைத் தொடும். மூன்று படம் தள்ளி, நான்காவதில் என் இடது முன்னங்கால். ஏழில் அவள் வலது, பத்தில் என் வலது. நாய் ஒரே இடத்தில் நடக்கும், பின்னால் தெருப் படத்தைத்தான் நகர்த்துவார்கள். அதனால் ஊன்றிய பாதம் படத்துக்குப் படம் ஒரே அளவில் பின்னால் போக வேண்டும், கொஞ்சம் பிசகினால் ஷூ எண்ணெயில் வழுக்கும்.

கால் வரிசையைவிட உடம்பு குலுங்குவதுதான் கஷ்டம். பாதம் தொட்டவுடன் உடம்பு தாழாது. எடை அதன்மேல் இறங்கும்போது, அடுத்த படத்தில்தான் தாழும். பின்னங்கால் ஊன்றியதும் இடுப்பு தாழும், முன்னங்கால் ஊன்றியதும் தோள் தாழும். ஒன்று கீழே போகும்போது மற்றொன்று மேலே வருகிறது. முதுகுக் கோடு சீசா பலகை மாதிரி மாறி மாறிச் சாயும். தோள் தாழ்ந்த பிறகு தலை ஒரு படம் தாமதமாகத் தாழ்ந்தால்தான் அந்தத் தலைக்குக் கனம் இருக்கும். இதை அழித்து அழித்து வரைந்து என் ஆள்காட்டி விரலின் பக்கம் காய்த்துப்போயிற்று. அடுத்த டெஸ்டில் சுவரில் நாய் நடந்தது. உள் அறைக்காரர்கள் சிரிக்கவில்லை. டைரக்டர் வளையத்தை நிறுத்தச் சொல்லாமல் வெகுநேரம் பார்த்தார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அம்மா பாயசம் வைத்தாள். அவசரப்பட்டு வைத்த பாயசம்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், சில நாள் போகவில்லை. அவள் ஒரு நாள் மாட்டுங்காவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தாள். "நாயி நல்லாருக்கு, நீ படு" என்று போர்வையை இழுத்துவிட்டாள். அந்தக் கை அதற்குள் எனக்குத் தெரியாத ஒரு வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

நான் திரும்பிய அன்று ஷூக் கம்பெனி ஆட்கள் பென்சில் டெஸ்ட் பார்க்க வந்திருந்தார்கள். பாட்டும் தயாராகியிருந்தது, டோலக்கில் டும் டக், டும் டக் என்று இரண்டே தட்டு. விளக்கை அணைத்தார்கள். நாய் வந்தது.

ஒட்டகம் வந்தது என்று சொல்ல வேண்டும். இடது கால்கள் இரண்டும் ஒன்றாக, வலது கால்கள் இரண்டும் ஒன்றாக, டும் என்றால் இந்தப் பக்கம், டக் என்றால் அந்தப் பக்கம். கம்பெனி ஆட்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி போடு என்றார்கள்.

முதலில் நான் அதைத் தவறு என்றே நினைத்தேன். முன்னங்கால் தாள்களை மூன்று படம் முன்தள்ளி அடுக்கிவிட்டார்கள், கேமராக்காரர் குழம்பியிருப்பார், நாளைக்குச் சரிசெய்துவிடலாம். அவளிடம் சொல்ல இருட்டில் அவள் கையைத் தேடினேன். அடுத்த சுற்றில் முதுகைப் பார்த்தேன்.

தாள்கள் மட்டும் இடம் மாறியிருந்தால் என் கால்கள் தோளைவிட்டுக் கழன்று தொங்கியிருக்கும். தோள் மேலே இருக்கும்போது ஊன்றிய கால் கீழே இழுத்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தோளும் இடுப்பும் ஒன்றாகத் தாழ்ந்து ஒன்றாக எழுந்தன. முதுகு மட்டமாக மேலே போய் மட்டமாகக் கீழே வந்தது. என் பாதி முதுகை, என் தோளை, என் தலையை யாரோ முழுக்கத் திரும்ப வரைந்திருந்தார்கள். அதை அவ்வளவு சுத்தமாக வரைய அந்த மாடியில் என்னைத் தவிர ஒருத்தியால்தான் முடியும். தேடிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்குப் போட்டதும் டைரக்டர் அவளைக் காட்டி, நாய் இவளுடையது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். மறுக்கவில்லை. என் பக்கம் பார்க்கவில்லை. மறுநாள் உள் அறையில் அவளுக்கு மேஜை போட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் பிடித்தேன்.

"ஏன் பண்ணினே?"

"பாட்டு ரெண்டு தட்டாப் போச்சு. நாலு அடி அதுல நிக்கல. மாத்தித் தருவியான்னு கேட்டாரு, செஞ்சேன்."

"எங்காத்துக்கு வந்தியே. காபி குடிச்சியே. அப்போ சொல்ல என்ன?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? நாயி அப்படி நடக்காதுன்னு சண்டைக்கு நிப்ப. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போவும்."

"அதான் ஒப்பந்தம். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேண்டாம்னு நீதான் சொன்னே. வேதத்து மேல சொன்னே."

அவள் கைப்பிடிச் சுவரில் காய்ந்திருந்த ஒரு பெயின்ட் சொட்டை நகத்தால் சுரண்டினாள்.

"ஒருத்திக்காவது கெடைக்கட்டும்னு நெனச்சேன்."

"அந்த ஒருத்தி நீதான்னு எப்போ முடிவு பண்ணினே?"

"எங்க தெருவுல கிழட்டு நாயி ஒண்ணு கெடக்கு. அது இப்படித்தான் நடக்கு, நீ வேணா வந்து பாரு" என்றாள்.

அது உண்மைதான். களைத்த நாய், கிழட்டு நாய், அப்படி நடக்கும். பிறகு எத்தனையோ நாய்களில் பார்த்திருக்கிறேன். அதனால் என் கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. அவள் நாயைக் கெடுத்தாள் என்பதல்ல என் புகார். அவள் அடிக்கும் என் அடிக்கும் நடுவில் மூன்று படம் இருந்தது. அந்த மூன்று படத்தை எடுத்துவிட்டால் முன்னங்காலுக்கென்று தனிக் கணக்கு கிடையாது, பின்னங்கால் எப்போது விழுகிறதோ அப்போது அதுவும் விழும். இரண்டு பேர் வேண்டாம், ஒருத்தி போதும். எந்த இடைவெளியில் நான் இருந்தேனோ, அந்த இடைவெளியைப் பார்த்து எடுத்திருந்தாள். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். எங்கே அறுக்க வேண்டும் என்பதை இவளோடு சேர்ந்து நானே நடந்து காட்டியிருந்தேன்.

டைரக்டரிடம் போனேன். பாதி நாய் நான் வரைந்தது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தெரியும் என்றார். தெரிந்தேதான்.

அதற்கப்புறம் இன்னொன்று பாக்கி இருந்தது. நாய்க்கு வண்ணம் பூச வேண்டும். ஹாலில் தாள்களைப் பங்கிட்டபோது முன்னங்கால்கள் எனக்கு வந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வரிசைப்படி வந்தது. கால்களை அவள் மாற்றவில்லை, எல்லாம் என் கோடுகள். பாதம் மடங்கி எழுகிற அந்த வளைவைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு அதில் அப்படியே இருந்தது. மூலையில் எண்கள் மட்டும் அழித்து மாற்றப்பட்டிருந்தன. நான்கு இருந்த இடத்தில் ஒன்று. மையால் எடுத்து, திருப்பிப் போட்டு, என் கால்களுக்கே பழுப்பு நிறம் பூசினேன், ஷூவுக்கு வெள்ளை. கண்ணில் தண்ணீர் வந்தது. செல்லில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோட்டுக்கு வெளியே ஒரு துளி சிந்தவில்லை, அந்தப் பெருமையாவது எனக்கு உண்டு.

உள் அறைக்குப் போன பிறகு அவள் மாடியிலிருந்து தாமதமாக இறங்குவாள், நான் முந்திக் கிளம்பிவிடுவேன். பாங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டு, வேலையை விட்டு நின்ற கடைசி நாளில்தான் குர்லாவில் மாட்டிக்கொண்டேன். வண்டி வருகிற நேரம், பிளாட்பாரம் நிறையக் கூட்டம். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தோளில் விழுந்தன. திரும்பாமலே தெரிந்தது. அந்தக் கைகளில் இப்போது பெயின்ட் வாசனை இல்லை, பென்சில் சீவிய மரவாசனை இருந்தது.

"நான்," என்றாள் என் காதருகே, மெல்ல. இடது காலை வைத்திருப்பாள். என் குதிகாலுக்குப் பக்கத்தில் அவள் பாதம் வந்து நின்றதை உணர்ந்தேன். நான் காலை எடுத்து இடம் விட வேண்டும், அதுதான் வரிசை. நான் காலை வைத்ததும் 'நீ' என்று சொல்லக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

நான் காலை எடுக்கவில்லை. அவள் கைகளைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பக்கத்தில் விலகினேன்.

"நீ முன்னால போ," என்றேன்.

வண்டி வந்தது, கூட்டம் அவளைத் தள்ளியது. பெண்கள் பெட்டியின் கம்பியைப் பிடித்து ஏறி, திரும்பி என்னைப் பார்த்து நின்றாள். நான் அடுத்த வண்டிக்கு நின்றேன்.